பாட்டியின் நேரியதில் வெற்றிலைக் கறை: நெசவு போகாமல் எடுப்பது எப்படி?

குழித்துறைக் கேமரா எழுதியது, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்யாணம் எடுத்தேன். மாப்பிள்ளையின் பாட்டி ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கசவுக் கரை வைத்த கைத்தறி வேட்டி, மேலே அதே ஜோடி நேரியது. பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழுந்து துணியில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலையிலிருந்து மடி வரை ஒரு படம் எடுத்தேன். கல்யாணப் படங்களிலேயே வீட்டுக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். 24க்கு 36 அங்குலத்தில் சட்டம் போட்டுக் கேட்கிறார்கள்.

பாட்டி வெற்றிலை போட்டிருந்தார். நேரியதில் நெஞ்சுக்குக் கீழே ஒரு கறை விழுந்திருக்கிறது, எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. படத்தில் சுமார் 140 பிக்சல் அகலம், 90 உயரம். நடுவில் வெளிறிய பழுப்பு, ஓரத்தில் கடும் சிவப்பு வளையம். இது போதாதென்று, பெட்டியிலிருந்து எடுத்த புதுத்துணி என்பதால் குறுக்கே ஒரு மடிப்புக் கோடும் ஓடுகிறது.

முகத்துக்குச் செய்வதுபோலவே ஃப்ரீக்வென்சி செபரேஷன் போட்டு, நிறத்தையும் நிழலையும் கீழே லோ லேயராகவும் நெசவை மேலே ஹை லேயராகவும் பிரித்தேன். ரேடியஸ் 10. கீழ் லேயரில் லாசோவால் வளைத்து ப்ளர் கொடுத்தேன். கறை மங்கியது, ஆனால் வளையம் அப்படியே நிற்கிறது. நிறம் சரியான இடத்தில் துணி மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. ப்ளர் செய்தது கீழ் லேயரை மட்டும்தான், மேல் லேயரைத் தொடவே இல்லை. பிறகு நெசவு ஏன் மங்க வேண்டும்? இதுதான் எனக்குப் புரியவில்லை.

ஃபோட்டோஷாப், 24 மெகாபிக்சல் கேமரா. ரா ஃபைல் இருக்கிறது.

---

திங்கள்சந்தை ஆல்பம் எழுதியது, இரவு 10:05

தம்பி, ரேடியஸைக் கூட்டுங்கள். நான் துணிக்கு எப்போதும் 12, 15 வைப்பேன். பெரிய ரேடியஸ் வைத்தால் நெசவு முழுக்க ஹை லேயரில் போய் உட்கார்ந்துவிடும், பத்திரமாக இருக்கும். அப்புறம் லோ லேயரில் 30 வரைக்கும் ப்ளர் தள்ளலாம். சீசனில் ஒரு நாளைக்கு 40 பக்கம் ஆல்பம் முடிக்கிறவன் நான், இதில்தான் வண்டி ஓடுகிறது.

---

வடசேரி தறிவீடு எழுதியது, இரவு 10:20

வெற்றிலைக் கறைக்கு எலுமிச்சம்பழத்தை அறுத்து, உப்புத் தொட்டுத் தேய்த்து, ஈரத்தோடேயே வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் வெள்ளைத் துணியில் மங்கிவிடும். கசவில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜரிகை கறுத்துப்போகும். கல்யாணத் துணியை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

---

குழித்துறைக் கேமரா எழுதியது, இரவு 10:31

அக்கா, துணியில் உள்ள கறையைக் கேட்கவில்லை, ஃபோட்டோவில் உள்ளதை எடுக்க வேண்டும். இருந்தாலும் நீங்கள் சொன்னதை அந்த வீட்டாரிடம் சொல்கிறேன், நேரியதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

---

பழைய டார்க்ரூம் எழுதியது, காலை 6:15

குழித்துறைத் தம்பி, கேள்வி நல்ல கேள்வி. இரண்டு தனித்தனி விஷயம் கலந்து கிடக்கிறது. முதலில் வளையம்.

திங்கள்சந்தைக்காரர் சொன்னதில் பாதி சரி. ரேடியஸ் பெரிதானால் நெசவு ஹை லேயரில் பத்திரமாக இருக்கும், அது உண்மை. ஆனால் நெசவோடு சேர்ந்து அங்கே வேறென்ன போகிறது என்று பார்க்க வேண்டும். கறையின் வளையம் எட்டுப் பத்து பிக்சல் தடிமன் இருக்கும். ரேடியஸ் 10 வைத்தால் அந்த வளையத்தில் பெரும்பங்கு ஹை லேயருக்குள் போய்விடும். அப்புறம் லோ லேயரில் எவ்வளவு ப்ளர் கொடுத்தாலும் அது அசையாது, ஏனென்றால் அது அங்கே இல்லை. சந்தேகம் இருந்தால் லோ லேயரை மறைத்துவிட்டு ஹை லேயரை மட்டும் சாதாரண மோடில் பாருங்கள். சாம்பல் நிறத்தின் நடுவில் வளையம் தெளிவாகத் தெரியும்.

அதனால் துணிக்கு ரேடியஸை மனப்பாடமாக வைக்கக் கூடாது, அளந்து வைக்க வேண்டும். 200 சதவீதம் பெரிதாக்குங்கள். இழையின் மேடுகளைப் பத்து எண்ணி, பத்துக்கும் சேர்த்து எத்தனை பிக்சல் என்று ரூலரால் அளந்து பாருங்கள். அதைப் பத்தால் வகுத்தால் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கான தூரம் கிடைக்கும். அதில் பாதி, அல்லது பாதிக்குச் சற்றுக் கூடுதல், அதுதான் உங்கள் ரேடியஸ். பாதி வைத்தாலே லோ லேயரில் நெசவு ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு பிக்சலும் கறையையும் மடிப்பையும்தான் ஹை லேயருக்குக் கொண்டுபோகும்.

இன்னொன்று. ரா ஃபைலைத் திறக்கும்போது ஷார்ப்பனிங்கைச் சுழியமாக்கிவிட்டு, 16 பிட்டில் திறங்கள். ஷார்ப்பனிங் போட்ட பிறகு பிரித்தால் மடிப்புக் கோட்டின் இரு பக்கமும் வெள்ளைக் கீற்று விழுந்து, அதையும் சேர்த்துத் துடைக்க வேண்டிவரும். கூர்மை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். 16 பிட்டில் இப்படி:

```
Low:  Gaussian Blur
High: Image > Apply Image
      Layer: Low, Invert, Add
      Scale 2, Offset 0
High: Linear Light
```

8 பிட் என்றால் `Subtract`, `Scale 2`, `Offset 128`, `Invert` வேண்டாம். பிரித்து முடித்ததும் இரண்டையும் ஆன் செய்து, மூலப்படத்தோடு மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு பொட்டு வித்தியாசம் தெரிந்தாலும் எங்கோ தப்பு, மேலே போகக் கூடாது.

நெசவு ஏன் மங்கியது என்பதை மத்தியானம் எழுதுகிறேன், லேப் திறக்க வேண்டும்.

---

குழித்துறைக் கேமரா எழுதியது, காலை 7:02

அண்ணாச்சி, அளந்துவிட்டேன். பத்து மேட்டுக்கு 61 பிக்சல், அப்படியென்றால் ஒன்றுக்கு 6. ரேடியஸ் 3 வைத்ததும் லோ லேயர் இழையே இல்லாமல் வழவழவென்று ஆகிவிட்டது, மடிப்பின் நிழல் மட்டும் இருக்கிறது. வளையமும் பெரும்பாலும் லோ லேயருக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஹை லேயரில் லேசாகச் சிவப்புச் சாயல் தெரிகிறது.

---

முட்டம் அலை எழுதியது, காலை 8:48

எனக்கும் துணிப் பிரச்சினைதான், இங்கேயே கேட்டுவிடுகிறேன். முட்டம் பாறையில் ஒரு ஜோடியை எடுத்தேன். மாப்பிள்ளையின் சட்டையில் பச்சையும் ஊதாவுமாக அலையலையாக நிறம் ஓடுகிறது. கறை எதுவும் இல்லை, நேரில் பார்த்தால் சாதாரணச் சாம்பல் சட்டை. ஃப்ரீக்வென்சி செபரேஷன் போட்டால் போகுமா?

---

பழைய டார்க்ரூம் எழுதியது, மதியம் 1:10

முட்டம், உங்களுடையது வேறு நோய், அதன் பெயர் மோரே. உங்கள் சட்டையின் இழை சென்சாரின் புள்ளிகளைவிட நெருக்கம். அதனால் கேமராவால் இழையைப் பிடிக்க முடியாமல், இல்லாத ஒரு பெரிய அலையைப் பதிந்திருக்கிறது. காப்பாற்ற அங்கே நெசவே பதிவாகவில்லை. நிற அலையை மட்டும் நீக்கலாம்: மேலே ஒரு வெற்று லேயர், மோட் `Color`, சட்டையின் சாம்பலை எடுத்து மெல்லப் பூசுங்கள். லைட்ரூமில் பிரஷ்ஷுக்கு `Moiré` என்று ஒரு ஸ்லைடரே இருக்கிறது. வெளிச்ச அலையும் இருந்தால் கஷ்டம்தான். அடுத்த தடவை இரண்டடி முன்னே பின்னே நகர்ந்து எடுங்கள்.

இப்போது குழித்துறைத் தம்பியின் மெழுகுக்கு வருகிறேன்.

ஹை லேயரை நீங்கள் தொடவில்லை, சரி. ஆனால் கறை விழுந்த அன்றைக்கே அங்கே நெசவு மெலிந்துவிட்டது. எப்படி என்று யோசியுங்கள். வெள்ளைத் துணியில் இழையின் முதுகு பளிச்சென்றும் இழைகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் இருட்டாகவும் இருப்பதால்தான் நெசவு தெரிகிறது. கறை எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இருட்டாக்குகிறது. முதுகு 210, பள்ளம் 190 என்று இருந்த இடம், கறை பட்டபின் 155, 140 என்று ஆகும். 20 ஆக இருந்த வித்தியாசம் 15 ஆகிவிட்டது. நாம் போட்ட முறையில் ஹை லேயர் அந்த வித்தியாசத்தை மட்டும்தான் வைத்திருக்கிறது, 15. லோ லேயரில் நீங்கள் வெளிச்சத்தைத் திரும்ப 200க்குக் கொண்டுவந்தாலும் அதன்மேல் ஏறுவது அதே 15தான். சுற்றிலும் 20, நடுவில் 15. கண்ணுக்கு அது மெழுகாகத் தெரியும். மடிப்பின் நிழல் பக்கத்துக்கும் இதே கதைதான்.

வெற்றிலைச் சாறு பள்ளத்தை நிரப்பியும் இருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் குறையலாம். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், ஃபோட்டோஷாப்பே சொல்லும். `Histogram` பேனலைத் திறந்து, `Expanded View`, `Source: Selected Layer` வைத்து, ஹை லேயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான துணியில் ஒரு சிறு சதுரம் வளைத்து `Std Dev` எண்ணைக் குறியுங்கள். அதே சதுரத்தைக் கறை மேல் நகர்த்தி மறுபடி குறியுங்கள். பேனலில் சிறு எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் அதைச் சொடுக்கினால்தான் எண் புதுப்பிக்கும். இரண்டு சதுரமும் ஒரே மடிப்பின் நீளவாக்கில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெளிச்ச வித்தியாசமும் கணக்கில் சேரும்.

---

குழித்துறைக் கேமரா எழுதியது, மதியம் 2:36

சுத்தமான இடத்தில் 5.1. கறையில் 3.4. அண்ணாச்சி, இதை எண்ணாகப் பார்க்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

---

பழைய டார்க்ரூம் எழுதியது, மாலை 3:20

5.1ஐ 3.4ஆல் வகுத்தால் 1.5. கறைப் பகுதியில் நெசவை ஒன்றரை மடங்கு தூக்க வேண்டும்.

ஹை லேயருக்கு மேலே ஒரு `Curves` போட்டு, ஹை லேயரோடு கிளிப் செய்துவிடுங்கள். இந்த லேயரில் 128தான் சுழியம், அதை நகர்த்தக் கூடாது. அதனால் அதன் இரு பக்கமும் சமதூரத்தில் இரண்டு புள்ளி வையுங்கள்: 108 உள்ளே வந்தால் 98 வெளியே, 148 உள்ளே வந்தால் 158 வெளியே. சரிவு ஒன்றரை ஆகிவிட்டது. மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிட்டு, கறைமேல் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை அடியுங்கள்.

சிவப்புச் சாயலுக்கு, அதற்கும் மேலே ஒரு `Hue/Saturation`, அதையும் கிளிப் செய்து, சாச்சுரேஷனைத் தரைமட்டமாக்கி, அதே மாஸ்க்கை நகலெடுத்து வையுங்கள். வெள்ளைத் துணியின் நெசவில் நிறம் எதுவும் இல்லை என்பதால் நஷ்டம் இல்லை. கசவின் மேல் மட்டும் மாஸ்க் போய்விடக் கூடாது. பொன் இழைக்கு நடுவே பருத்தி இழை ஓடுகிற இடத்தில் நிறமேதான் நெசவு.

லோ லேயரில் லாசோ, ப்ளர் இரண்டையும் மறந்துவிடுங்கள். ப்ளர் செலக்‌ஷனுக்கு வெளியே இருக்கிற நிறத்தையும் உள்ளே இழுக்கும். கசவு பக்கத்தில் இருந்தால் துணியில் மஞ்சள் பரவும். லோவுக்கும் ஹைக்கும் நடுவில் ஒரு வெற்று லேயர் போட்டு, `Clone Stamp` எடுங்கள். `Sample: Current & Below`, பிரஷ் 60, ஓரம் முழுக்க மென்மை, `Flow` 12. எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கறை உட்கார்ந்திருக்கிற கொசுவத்தின் அதே முகட்டில் மேலேயோ கீழேயோ எடுங்கள். பக்கத்திலிருந்து எடுத்தால் அது அடுத்த கொசுவத்தின் நிழல், துணி தட்டையாகப் போய்விடும்.

---

திங்கள்சந்தை ஆல்பம் எழுதியது, மாலை 5:45

அண்ணாச்சி சொன்னதை ஒரு பழைய வேலையில் போட்டுப் பார்த்தேன். ரேடியஸ் 15 வைத்து முடித்த ஒரு வேட்டி, அந்த ஹை லேயரில் மடிப்புக் கோடு அத்தனையும் அப்படியே இருக்கிறது. நான் லோவில் துடைத்தது நிழலை மட்டும்தான். 12க்கு 36 ஆல்பத்தில் ஆள் சின்னதாக வருவதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. ஆனால் ஒன்று, ஆல்பம் முழுக்க இப்படி அளந்துகொண்டிருக்க முடியாது. ஆள் முழுதாக நிற்கிற படத்தில் எண்ணுவதற்கு இழையே தெரியாதே.

---

பழைய டார்க்ரூம் எழுதியது, மாலை 6:30

அது சரிதான். இழை ஒன்றுக்கு இரண்டு பிக்சல்கூட விழாத படத்தில் இந்த வேலையே தேவையில்லை, சாதாரண ஹீலிங் போதும். காப்பாற்ற நெசவு இருந்தால்தான் இந்தப் பாடு.

---

தக்கலை ஜிம்ப் எழுதியது, இரவு 8:12

நான் கல்லூரியில் படிக்கிறேன், ஜிம்ப் மட்டும்தான் இருக்கிறது. அதில் `Filters > Enhance > Wavelet Decompose` கொடுத்தால் இரண்டாக இல்லாமல் ஐந்து அடுக்காகவும் ஒரு மிச்ச லேயராகவும் பிரிக்கிறது. என் படத்தில் பார்த்தேன்: நெசவு முதல் மூன்று அடுக்கில் இருக்கிறது, கறையின் ஓரம் நான்காவதில் தனியாக நிற்கிறது. அங்கே மட்டும் துடைத்தால் போதும் அல்லவா? ஒரே ரேடியஸை வைத்து எதை எந்தப் பக்கம் தள்ளுவது என்று சண்டை போட வேண்டியதில்லையே.

---

பழைய டார்க்ரூம் எழுதியது, இரவு 9:00

நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் மங்கிய நெசவைத் தூக்குவதற்கு மூன்று அடுக்கிலும் தனித்தனியாகக் கை வைக்க வேண்டும். ஒன்றில் கூடினால் இழை மணல்போல் ஆகும், இன்னொன்றில் கூடினால் தடித்துப்போகும். எனக்கு இரண்டு அடுக்குதான் கைப்பழக்கம்.

---

தக்கலை ஜிம்ப் எழுதியது, இரவு 9:14

முதல் மூன்றையும் ஒரு குரூப்பில் போட்டு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால்? நெசவு ஒன்று, கறை ஓரம் ஒன்று, நிழல் ஒன்று, மூன்றே அடுக்கு. செய்து பார்த்து எழுதுகிறேன்.

---

குழித்துறைக் கேமரா எழுதியது, மறுநாள் இரவு 10:50

கறை போய்விட்டது. உண்மையாகவே போய்விட்டது. `Curves` மாஸ்க்கை அடிக்கிறபோது இழைகள் மெல்ல மெல்ல எழுந்து வருவதைப் பார்க்க வேண்டுமே. இப்போது அந்தச் சதுரத்தில் 5.0 காட்டுகிறது.

ஆனால் மடிப்புக் கோடு உயிரை எடுக்கிறது. லோ லேயரில் நிழலைச் சரிசெய்துவிட்டேன். ஹை லேயரில் இரண்டு பிக்சல் அகலத்தில் ஒரு வெளிர்க்கோடு நீளமாக மிஞ்சியிருக்கிறது. மென்மையான பிரஷ்ஷால் குளோன் செய்தேன். கோடு போனது, ஆனால் அது இருந்த வழியெங்கும் புகைபோல் ஒரு பட்டை. `Opacity` 50 வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். படத்தின் துண்டை இணைத்திருக்கிறேன்.

---

வடசேரி தறிவீடு எழுதியது, இரவு 11:15

தம்பி, நீங்கள் சொல்கிற பிரஷ்ஷும் லேயரும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் தறி ஓடியது, துணியைத் தெரியும். அந்தத் துண்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த வெளிர்க்கோடு நிழல் இல்லை. புதுத்துணியில் கஞ்சி இருக்கும். மடித்து அழுத்தி வைக்கும்போது மடிப்பின் முதுகில் கஞ்சியோடு இழை நசுங்கித் தட்டையாகிவிடும். தட்டையான இழை வெளிச்சத்தில் மினுங்கும். தேய்த்தாலும் ஒரு தடவையில் போகாது, நனைத்தால்தான் போகும்.

இன்னொன்றும் பார்த்தேன். நீங்கள் ஒட்டின இடத்தில் இழை தப்பாக ஓடுகிறது. கசவுக் கரை எந்தப் பக்கம் நீளமாகப் போகிறதோ அதுதான் பாவு. அதற்குக் குறுக்கே போவது ஊடை. கைத்தறியில் ஊடை அங்கங்கே கொஞ்சம் தடித்து நீளமாகத் தெரியும், அது குறுக்கேதான் ஓட வேண்டும். நீங்கள் ஒட்டின துண்டில் அந்தத் தடித்த இழை நெடுக்காக நிற்கிறது. தோளில் மடித்துப் போட்டிருக்கிற பாகத்திலிருந்து எடுத்தீர்களா? அங்கே துணி திரும்பியிருக்கிறது.

---

குழித்துறைக் கேமரா எழுதியது, இரவு 11:22

ஆமாம் அக்கா! தோளிலிருந்துதான் எடுத்தேன், வெளிச்சம் ஒன்றுபோல இருந்ததால். நான் கவனிக்கவே இல்லை.

---

பழைய டார்க்ரூம் எழுதியது, காலை 6:05

தறிவீட்டு அம்மா சொன்னதுதான் முதல் விஷயம், அதற்கு மேல் நான் சேர்ப்பது கொஞ்சம்தான்.

ஹை லேயரில் மென்மையான பிரஷ்ஷும் கூடாது, பாதி `Opacity`யும் கூடாது. இரண்டும் ஒரே தப்பு. பிரஷ்ஷின் மென்மையான ஓரத்தில் பழைய நெசவு பாதி, புது நெசவு பாதி கலக்கும். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். உங்கள் புகைப்பட்டை அதுதான். லோ லேயருக்கு மென்மை, ஹை லேயருக்குக் கடினம். `Hardness` 100, `Opacity` 100, `Sample: Current Layer`, பிரஷ் 16 பிக்சல் போதும்.

அடுத்தது, இழையோடு இழை சேர வேண்டும். 300 சதவீதம் பெரிதாக்கி, ஒரு பாவும் ஊடையும் குறுக்கிடுகிற மேட்டின் நடுவில் ஆல்ட் அழுத்திச் சொடுக்குங்கள். மடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அதேபோன்ற ஒரு மேட்டின் நடுவில் தொடங்குங்கள். `Clone Source` பேனலில் `Show Overlay` போட்டால் வைப்பதற்கு முன்பே பொருந்துகிறதா என்று தெரியும். துணி வளைந்திருக்கும் இடத்தில் அதே பேனலில் மூன்று நான்கு டிகிரி திருப்புங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒரே மூலத்தில் ஓட்டாதீர்கள். இல்லாவிட்டால் அம்மா சொன்ன தடித்த இழை ஒரே வடிவத்தில் மூன்று இடத்தில் முளைக்கும், பார்க்கிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

மடிப்பைக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டுமென்றால் லோ லேயரின் திருத்த லேயரில் `Opacity`யைக் குறையுங்கள். ஹை லேயரில் செய்தால் முழுதாகச் செய்யுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

---

வடசேரி தறிவீடு எழுதியது, காலை 9:30

மிச்சம் வைக்கிறதைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். கறையை எடுப்பது நியாயம். ஆனால் மடிப்புக் கோடு கோடித்துணியின் அடையாளம். பேரன் கல்யாணத்துக்குப் புதுசு உடுத்திக்கொண்டு வந்தார் என்று அந்தக் கோடுதான் சொல்கிறது. அதை முழுக்க எடுத்துவிட்டால் நாலு தடவை துவைத்த துணிபோல் இருக்கும். வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

---

திங்கள்சந்தை ஆல்பம் எழுதியது, காலை 10:02

அக்கா, எங்களிடம் வருகிற வாடிக்கையாளர் யாரும் மடிப்பு இருக்கட்டும் என்று சொன்னதில்லை. தேய்க்காமல் கட்டியிருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் எடுப்பேன்.

---

வடசேரி தறிவீடு எழுதியது, காலை 10:10

பாலியஸ்டருக்கு எடுங்கள். கைத்தறிக்குக் கேளுங்கள்.

---

தக்கலை ஜிம்ப் எழுதியது, மாலை 4:40

மூன்று அடுக்காகச் சேர்த்துச் செய்து பார்த்தேன். கறை வளையம் அழகாகப் போய்விட்டது, நான்காவது அடுக்கில் மட்டும் துடைத்தேன். ஆனால் மடிப்புக் கோட்டுக்கு உதவவில்லை, நசுங்கின இழை நெசவு அடுக்குக்குள்ளேயேதான் இருக்கிறது. அங்கே அண்ணாச்சி சொன்ன மாதிரி கடினப் பிரஷ்ஷால் இழை பொருத்தித்தான் ஒட்ட வேண்டியிருந்தது. கறைக்கு என் வழி, மடிப்புக்கு அவர் வழி என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

---

பழைய டார்க்ரூம் எழுதியது, மாலை 6:50

கறைக்கு உங்கள் வழி வேகமாக இருக்கலாம். மங்கின நெசவை எப்படித் தூக்கினீர்கள், எண் எவ்வளவு வந்தது? அதைப் பார்க்காமல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

---

குழித்துறைக் கேமரா எழுதியது, நான்கு நாள் கழித்து, இரவு 9:15

வேலை முடிந்தது, நடந்ததை எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் இரண்டு விதமாகவும் காட்டினேன். மாப்பிள்ளைக்கு மடிப்பு போனதுதான் பிடித்தது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என் நேரியது இல்லையே" என்று மடிப்பு இல்லாததைக் காட்டிச் சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. லோ லேயரின் திருத்த லேயரை 60 சதவீதத்துக்கு இறக்கினேன். ஹை லேயரில் கோட்டின் மினுக்கம் அதிகமாக இருந்த நெஞ்சுப் பக்கம் மட்டும் ஒட்டியதை வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் அசலை விட்டுவிட்டேன். மடிப்பு இருக்கிறது, கண்ணைக் குத்தவில்லை.

முழு அளவில் அச்சிடுவதற்கு முன், கறை இருந்த இடத்தை மட்டும் கடைசி அளவிலேயே வெட்டி 8க்கு 10 தாளில் ஒரு சோதனைப் பிரதி எடுத்தேன். எடுத்தது நல்லதாகப் போயிற்று. திரையில் சரியாக இருந்த `Curves` திருத்தம் தாளில் ஒரு நூல் அதிகமாகத் தெரிந்தது, கறை இருந்த இடத்தில் இழை சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் முறுக்காக நின்றது. காரணம், கடைசியில் போட்ட ஷார்ப்பனிங் ஏற்கெனவே தூக்கிய நெசவை மறுபடி தூக்கியிருக்கிறது. மாஸ்க்கின் `Density`யை 85க்கு இறக்கி இன்னொரு பிரதி எடுத்தேன். அதில் எந்த இடம் என்று லேப்காரருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு இடம் மட்டும் எனக்குத் திருப்தியாக வரவில்லை. கறையின் ஒரு சிறு துளி கசவுக் கரையின் விளிம்பிலேயே தெறித்திருந்தது. பாதி பருத்தியில், பாதி ஜரிகையில். லோ லேயரை எடுக்கும்போதே விளிம்பின் இரு பக்க நிறமும் மூன்று பிக்சல் கலந்துவிடுகிறது. அங்கே குளோன் செய்தால் பொன்னில் சாம்பல் ஏறுகிறது. நிறம் குறைத்தால் ஜரிகை வெள்ளியாகிறது. கடைசியில் அந்தத் துளியைப் பாதி மங்க வைத்து விட்டுவிட்டேன். அண்ணாச்சி, விளிம்புக்கு வேறு வழி இருக்கிறதா?

அக்கா, எலுமிச்சை வேலை செய்தது. நேரியதில் இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறதாம்.

---

பழைய டார்க்ரூம் எழுதியது, இரவு 10:20

விளிம்புக்கு `Gaussian Blur`க்குப் பதிலாக `Median` வைத்து லோ லேயரை எடுத்துப் பாருங்கள், அதே `Apply Image` கணக்கு அப்படியே செல்லும். மீடியன் விளிம்பைத் தாண்டி நிறத்தைக் கலப்பதில்லை. ஆனால் ஜரிகையிலேயே மினுக்கம் புள்ளிப் புள்ளியாக இருப்பதால் அங்கே அது திட்டுத் திட்டாக வரக்கூடும். பட்டுக் கரையில் எனக்குச் சரியாக வந்திருக்கிறது, கசவில் நான் செய்ததில்லை. அந்தத் துளியை மட்டும் வெட்டி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.

---

வடசேரி தறிவீடு எழுதியது, இரவு 10:41

கசவில் எலுமிச்சை படவில்லை அல்லவா?

---

குழித்துறைக் கேமரா எழுதியது, இரவு 10:44

படவில்லை அக்கா. அந்தத் துளியை மட்டும் துணியிலும் விட்டுவிட்டார்கள்.